பன்னிரண்டாவது பாய்

தனபாக்கியம் நெய்வேலிக்கு வந்தபோது வயது இருபத்தேழு. கணவர் சோமசுந்தரத்துக்கு அனல் மின்நிலையத்தில் வேலை. பக்கத்து குவார்ட்டர்ஸ் டைப்பிஸ்டின் கைக்குழந்தையை ஒரு நாள் பார்த்துக்கொண்டாள். அது ஒரு வருஷம் நீண்டது. பிறகு மாதர் சங்கம் அவளிடமே குழந்தைகள் காப்பகத்தை ஒப்படைத்தது. எழுபத்தொன்பதில் அவளுக்கு நாற்பத்து மூன்று வயது; காப்பகத்தில் பன்னிரண்டு பிள்ளைகள்.

ஜூன் மாதச் சேர்க்கைக்காகப் பிள்ளைகளை வாசலில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். அது கூட்டுறவுப் பண்டகசாலையின் கண்ணாடிப் பலகையில் தொங்கப்போகிறது. படத்துக்குக் கீழே நாலு வரி எழுதித் தரும்படி சங்கத் தலைவி கஸ்தூரியம்மாள் கேட்டிருந்தாள். "தாய்மடி போன்ற பாதுகாப்பு" என்று முதல் வரியை அவளே சொல்லிவிட்டும் போனாள்.

வியாழக்கிழமை மதியம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் தனபாக்கியம் சமையலறையில் பாலைக் காய்ச்ச வைத்துவிட்டு அந்த வரியை எழுதிப் பார்த்தாள். ஆயா வீராயி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு எழுப்பப் போனபோது பாய் பன்னிரண்டு இருந்தது, பிள்ளைகள் பதினொன்று. சுரங்கத் தொழிலாளி இசக்கிமுத்துவின் மகள் பார்வதி, இரண்டரை வயதுக்காரி, இல்லை.

கேட்டின் கொண்டி திறந்து கிடந்தது.

தனபாக்கியம் தெருவுக்கு ஓடவில்லை. கால்கள் தாமாகப் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் போயின. மூடியைத் தூக்கினாள். கறுப்பாகத் தண்ணீர், அதில் அவள் முகம்தான் ஆடியது. கையை விட்டுத் துழாவினாள். ஒன்றும் தட்டுப்படாதது நல்லதா கெட்டதா என்றுகூட அந்த நேரத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

"நான் யாரையும் பாக்கலிங்கம்மா, துணிய காயப்போட்டுகினு இருந்தேன்" என்றாள் வீராயி. அவளுக்கு உதடு வெளுத்திருந்தது. மற்ற பிள்ளைகளைவிட்டு அசையக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தனபாக்கியம் நடந்தாள். சாக்கடைக் கால்வாயைக் குனிந்து பார்த்தாள். முந்திரித் தோப்புப் பக்கம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். டெலிபோன் ஆபீசில் வேலை செய்யும் பார்வதியின் தாய் ஐந்து மணிக்கு வந்து நிற்பாள். அவளிடம் எந்தச் சொல்லை முதலில் சொல்வது? கடைசியாகத்தான் இசக்கிமுத்துவின் குவார்ட்டர்ஸுக்குப் போனாள்.

பிள்ளை முற்றத்தில் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தது.

தனபாக்கியம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இசக்கிமுத்துவுக்கு அன்று ஷிப்ட் மாறி, இரண்டு மணிக்கே விட்டுவிட்டார்களாம். காப்பகத்து வழியாக வந்தவர் கூடத்தில் எட்டிப் பார்த்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"எம் புள்ளைய நான் தூக்கிட்டு வர யார்ட்டக்கா கேக்கணும்?" என்று சிரித்தார்.

"சுரங்கத்துக்குள்ள போகையில டோக்கன் எதுக்குத் தம்பி வாங்குதீங்க? ஷிப்ட் முடிஞ்சு ஒரு டோக்கன் திரும்பலைன்னா என்ன செய்வாங்க?"

"உள்ள ஆளு இருக்காம்னு தேடுவாங்க."

"நான் தொட்டிக்குள்ள தேடிட்டு வாறேன்."

அவர் சிரிப்பு நின்றது.

அன்று மாலை தாயிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தாய் பிள்ளையின் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை பிள்ளை வரவில்லை. காப்பகம் இத்தோடு போயிற்று என்றே தனபாக்கியம் நினைத்தாள். ஆனாலும் பழைய தகரத்தை வெட்டி எண் போட்டாள். கூடத்துச் சுவரில் பலகை அடித்து ஆணி வைத்தாள். பிள்ளையை விடும்போது டோக்கன் பெற்றவர் கைக்குப் போகும். அழைத்துப்போகும்போது ஆணிக்குத் திரும்பும். ஆணி வெறுமையாக இருந்தால் பிள்ளை உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். பிறகு தாய்மடி வரியை அடித்துவிட்டு எழுதினாள்:

"எங்கள் காப்பகத்துப் பிள்ளைகள். ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரை சேர்த்துக்கொள்கிறோம். காலை எட்டு முதல் மாலை ஐந்தரை வரை, ஞாயிறு விடுமுறை. கேட் எந்நேரமும் பூட்டியிருக்கும். தண்ணீர்த் தொட்டிக்கும் பூட்டு உண்டு. காய்ச்சிய தண்ணீரே தருகிறோம். தாய் எழுதித் தராமல் மருந்து கொடுப்பதில்லை. டோக்கன் இல்லாமல் பெற்ற தகப்பனிடமும் பிள்ளையை விடமாட்டோம். சேர்க்கும் முன் எந்த நேரமும் சொல்லாமல் வந்து பாருங்கள்."

கஸ்தூரியம்மாள் படித்துவிட்டு, "ஜெயில் வாசல்ல எழுதின மாதிரி இருக்கு. எவ வருவா?" என்றாள். தனபாக்கியத்துக்கும் அதே பயம்தான். ஆனால் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

அடுத்த வாரம் இரண்டு தாய்மார் சொல்லாமல் வந்து, முதலில் தொட்டிப் பூட்டை இழுத்துப் பார்த்தார்கள். டோக்கன் பலகையைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பார்வதியின் தாயும் திங்கட்கிழமையே பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டிருந்தாள். புதன்கிழமை இரண்டரை மணிக்கு இசக்கிமுத்து சைக்கிளில் வந்து மணி அடித்தார். டோக்கனை வீட்டிலேயே மறந்துவிட்டிருந்தார்.

"என்னையத் தெரியாதாக்கா உங்களுக்கு?"

"தெரியும். டோக்கனை எடுத்துட்டு வாங்க."

அவர் முறைத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். இனி பிள்ளையை அனுப்பாமலே இருந்துவிடுவாரோ என்று நினைத்தாள். பலகையில் பார்வதியின் ஏழாம் எண் ஆணியும் வெறுமையாக இருந்தது. கூடத்துக்குள் போய்ப் பாய்களை எண்ணினாள். பன்னிரண்டு. பிள்ளைகளை எண்ணினாள். பன்னிரண்டு. மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.