கண்ணு என்று கூப்பிடாத வீடு

மதுமதிக்கு அடுத்தவர் அழுகையைக் கேட்பதுதான் உத்தியோகம் என்று அவள் மாமியார் ஈரோட்டில் சொல்லிவைத்திருக்கிறார். பாதி சரிதான். தில்லியில், குழந்தைகளுக்கான ஆலோசனை மையம் ஒன்றில் அவள் கவுன்சிலர். வருடக்கணக்கில் இந்தியில் கேட்ட எந்தக் கொடுமையும் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. செருப்போடு அதையும் வெளியே விட்டுவிடுவேன் என்று பெருமை வேறு.

தமிழ்ப் பிள்ளைகள் வந்தால் எல்லாரும் தன்னிடமே வரட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டதும் அவள்தான். தாய்மொழியில் கேட்பது சுலபம் என்று நினைத்தாள். வினையை விலை கொடுத்து வாங்குவது என்பார்களே, அது இதுதான்.

கோடை தொடங்கும்போது ஒரு சிறுமி வந்தாள். பக்கத்து வீட்டு ஆள் அவளைத் தனியாக அழைக்கும்போதெல்லாம் சொன்னதை அப்படியே சொன்னாள். "கண்ணு, வா."

ஈரோட்டுக்காரர் வீட்டில் அந்தச் சொல் இல்லாமல் பொழுது விடியாது. மதுமதியின் கணவர் ஜெகன், மத்திய அரசு ஆபீசில் வேலை பார்ப்பவர், மகள் இனியாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ஒரு சாயங்காலம் ஏசியைப் போட்டுவிட்டு, "கண்ணு, வா, கதவச் சாத்திட்டு வா" என்றார். மதுமதி அடுக்களையிலிருந்து ஓடிவந்து மகளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"அவளத் தொடாதீங்க."

ஜெகனின் முகம் செத்துப்போயிற்று. மறுநாளிலிருந்து, வகுப்பில் ஆஜர் எடுப்பதுபோல் "இனியா, சாப்பிடு" என்று கூப்பிட ஆரம்பித்தார். "அப்பாக்கு என் மேல குஸ்ஸாவா, கோவமா?" என்று குழந்தை அம்மாவிடம் கேட்டது.

வேன் டிரைவர், டான்ஸ் வாத்தியார், யாரைப் பார்த்தாலும் மதுமதிக்குச் சந்தேகம். ஒரு வாரம் லீவு போட்டாள். மலை மந்திர் கோயிலில் உட்கார்ந்து முருகனைப் பார்த்தாள், தூங்கிப் பார்த்தாள். எதுவும் குறையவில்லை. வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்து, அதைச் சொல்ல நீலம் சாவ்லாவிடம் போனாள்.

நீலம் மையத்தின் மூத்த கவுன்சிலர், எல்லாருக்கும் தீதி, அதாவது அக்கா. மாதம் இரண்டு முறை ஒவ்வொரு கவுன்சிலரும் அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். மதுமதி இதுவரை கேஸ்களைப் பற்றி மட்டும் பேசி, தன்னை ஒளித்துக்கொண்டே வந்திருந்தாள்.

"அந்தக் குழந்தையோட கதை வேண்டாம்" என்றார் நீலம் இந்தியில். "உனக்கு என்ன ஆகுது, அத மட்டும் சொல்லு."

சொன்னாள். "என் புருஷனை நான் அப்படிப் பாத்துட்டேன் தீதி" என்றபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அந்த வார்த்தையைத் தவிர, அவர்கிட்ட எப்பவாவது ஏதாவது உறுத்தியிருக்கா?"

"இல்ல. ஒருநாளும் இல்ல."

"சோர்வு மட்டும்னா லீவுல கொஞ்சமாவது தேறியிருப்ப. இது வேற. அடுத்தவங்க காயத்தைக் கேட்டுக் கேட்டு, நீ உலகத்தைப் பாக்கற விதமே மாறியிருக்கு. இந்த வேலையில நடக்கறதுதான், உன் குணக்கேடு இல்ல. தமிழ் கேஸ் எல்லாத்தையும் நீ கேட்டேன்னு உன் தலையில கட்டினது என் தப்பு. சரி, என்ன வார்த்தை அது?"

"கண்ணு."

நீலம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எங்க அக்கா பையனைக் கன்னூன்னுதான் கூப்பிடுவோம். ஆறடி ஆளு, குர்கான்ல ஜிம் வச்சிருக்கான். உங்க பாஷையில என்ன அர்த்தம்?"

"கண்ணு... ஆங்க்" என்று மதுமதி தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள். கை ஈரமாயிற்று. அந்த ஆறடிக் கன்னூ மனதில் வந்து நிற்க, அழுதபடியே சிரித்துவிட்டாள். எத்தனையோ நாள் கழித்து மூச்சு வயிறுவரை போயிற்று.

பிறகு இருவரும் திட்டம் போட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளி, யோகா செய் என்கிற ரகம் இல்லை. கனமான கேஸ் அடுத்தடுத்து இரண்டு கூடாது. தமிழ்க் கேஸ்களில் பாதி, தமிழ் தெரிந்த இன்னொருவருக்கு. சிகிச்சைக்கு வேண்டாத விவரத்தைத் துருவக் கூடாது. மதுமதிக்கென்று வெளியே ஒரு கவுன்சிலர். அடுத்த முறை நீலத்திடம் உட்காரும்போது, கேஸுக்கு முன்னால் மதுமதியின் தூக்கத்தைப் பற்றிப் பேச்சு. வீட்டில், எந்தக் குழந்தை, என்ன கேஸ் என்று சொல்லாமல், ஜெகனுக்குச் சேரவேண்டியதை மட்டும் சொல்வது. ராஜினாமாவை நீலம் காதிலேயே வாங்கவில்லை.

அன்று மாலையே ஜெகனிடம் சொன்னாள். "ஏனுங்க, ஆபீஸ்ல கேட்ட ஒரு வார்த்தைங்க. அதத்தான் நீங்களும் சொன்னீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க."

"எம்மேல உனக்குச் சந்தேகம்னு நெனச்சேன் மது. பிள்ளைகிட்டப் போகவே பயமா இருந்துச்சு."

"கூப்பிடுங்க அவள. எப்பவும் கூப்பிடற மாதிரியே."

"உனக்குக் கஷ்டமா இருக்குமே."

"கொஞ்ச நாளைக்கு இருக்கும். இருந்தா நான் சொல்றேன்."

அவள் தோசை வார்க்கப் போனாள். கூடத்தில் ஜெகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கண்ணு, சாப்பிட வா."

மதுமதியின் கை தோசைக்கல்லின் மேல் ஒரு கணம் நின்றது. உள்ளே இருந்து குழந்தை, "ஆ ரஹீ ஹூம், வரேன்ப்பா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தது. மதுமதி தோசையைத் திருப்பிப் போட்டாள்.