முட்டியில் ஒரு கோடு

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று நினைத்ததே பெரிய விஷயம். நான் நாத்தனார். குறை சொல்வது என் பிறப்புரிமை. அதையும் நடுநடுவே சொல்லிக்கொள்கிறேன், யாரும் தடுக்க வேண்டாம்.

அண்ணியும் நானும் சேர்ந்து ஒரு பிரிண்டிங் கடை நடத்துகிறோம். பெரிய மெஷின் என் பொறுப்பு, கணினி அவள் பொறுப்பு. பிறந்தநாள், கடைத்திறப்பு, பள்ளிக்கூடத்துச் சுவர் என்று யார் வந்தாலும் அவர்களையே பொம்மையாக்கிப் படமாகத் தருகிறாள். உருண்டை முகம், குட்டை விரல், சோப்புக் குமிழி மாதிரி வழவழப்பு. கையால் வரைவதில்லை. எப்படி இருக்க வேண்டும் என்று வார்த்தையில் எழுதிக் கொடுக்கிறாள், கணினி படமாக்குகிறது. அந்த வேண்டுகோளுக்குப் பிராம்ப்ட் என்று பெயர். "உக்காந்த இடத்துல கதை எழுதிக் காசு வாங்குறா" என்பான் என் அண்ணன். அவனை உட்கார வைத்து ஒன்று எழுதச் சொன்னோம். ஆறு விரலோடு ஒரு பூதம் வந்தது. அதன் பிறகு அவன் வாயைத் திறப்பதில்லை.

அண்ணிக்கு இந்தக் கைவண்ணம் எங்கிருந்து வந்தது என்றால், வாளியிலிருந்து வந்தது. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சேர்த்துப் பதினாறு வருஷம் ஒரு பிளாஸ்டிக் சாமான் கம்பெனியில் விலைப்பட்டியலுக்குப் போட்டோ எடுத்தாள். வாளி, சோப்பு டப்பா, குப்பைக்கூடை. பளபளக்கும் பிளாஸ்டிக்கைப் படம் எடுப்பதுபோல் எரிச்சல் பிடித்த வேலை கிடையாது என்பாள். நேராக விளக்கைப் போட்டால் வாளியில் வெள்ளைப் புள்ளி விழும், எதிர்ப்பக்கம் கரி அப்பியது போல நிழல் விழும். அதனால் சுற்றிலும் வெள்ளைத் துணி கட்டி, வெளிச்சத்தை அதில் பட்டு வரவிடுவாள். அப்போதுதான் வாளியின் விளிம்பில் அகலமாக, மென்மையாக ஒரு மினுக்கம் ஓடும். கம்பெனி மூடியது. வாளி போனது. அந்த வெளிச்சம் மட்டும் அவள் தலைக்குள்ளேயே இருந்தது.

மற்றவர்கள் பிராம்ப்டில் "அழகான பொம்மை" என்று எழுதிவிட்டுக் காத்திருப்பார்கள். இவள் எழுதுவாள்: "எல்லாப் பக்கமிருந்தும் மென்மையான வெளிச்சம், இடது மேலே பெரிய வெள்ளைத் திரை, அதன் பிரதிபலிப்பு நெற்றியில் அகலமாக. கூர்முனை எல்லாம் உருட்டி மழுக்கியது. பளபளக்கும் பிளாஸ்டிக். வெளிர் நிறப் பின்னணி." சும்மா சொல்லக்கூடாது, வருகிற பொம்மையைத் தடவிப் பார்க்கக் கை தானாக நீளும்.

ஒரு திங்கட்கிழமை கால் மாஸ்டர் வந்தார். செயற்கைக் கால் செய்து பொருத்துகிறவர். இரண்டு தெரு தள்ளி அவருடைய பட்டறை. உட்காரக்கூட இல்லை.

"ஏம்மா, உங்களால ஒரு குழந்தைய நடக்க வைக்க முடியுமா?"

"நாங்க பேனர் அடிக்கிறவங்க சார்" என்றேன் நான்.

"அதான் வந்தேன்."

ஏழு வயதுப் பெண்குழந்தை. விபத்தில் இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. புதுக் கால் தயாராகி மூன்று வாரம் ஆகிறது. ஒரு நாள் போட்டாள், தெருப் பிள்ளைகள் வெறித்துப் பார்த்தார்கள், கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதன் பிறகு தொடவில்லை. போட்டுப் பழகாமல் விட்டால் காலின் மிச்சப் பகுதி உருவம் மாறிவிடும், செய்து வைத்தது பொருந்தாமல் போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் வேறு திறக்கிறது.

"பயிற்சி அறைச் சுவர்ல ஒரு பெரிய படம் வேணும். அவளே பொம்மையா, புதுக்காலோட, ஜம்முனு நிக்கணும். பக்கத்துல அவங்கம்மா, அவளுக்குப் பிடிச்ச பஸ் டிரைவர், அவ வளக்குற நாய். வெள்ளிக்கிழமை அவ வர்றா."

அண்ணி ஒத்துக்கொண்டாள். காசு என்ன என்றுகூடக் கேட்கவில்லை. நான் முறைத்ததை அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. "இடது கால் இல்லாத சிறுமி" என்று முதலில் எழுதிவிட்டாள். இத்தனை அனுபவத்துக்கு அப்படி எழுதியிருக்கவே கூடாது. இந்தக் கணினிக்கு "இல்லை" என்பது சரியாக ஏறாது, "கால்" என்பதைத்தான் பிடித்துக்கொள்ளும். கால் கால் என்று கேட்கிறாளே என்று நினைத்ததோ என்னவோ, மூன்று காலோடு ஒரு பொம்மையைக் கொடுத்தது. "ஒண்ணு குறைக்கச் சொன்னா ஒண்ணு கூட்டிக் குடுக்குதே, பெரிய மனசு!" என்றேன். அண்ணி சிரிக்கவில்லை.

இல்லாததைச் சொல்லாமல் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்று மாற்றினாள். "செயற்கைக் கால்" என்றதும் இரும்பு ரோபோ வந்தது. அந்தச் சொல்லையும் எடுத்துவிட்டு, கால் மாஸ்டரின் பட்டறைக்குப் போய் அதே மாதிரிக் கால் ஒன்றை அளந்து பார்த்துவிட்டு வந்து, "முட்டிக்குக் கீழே நீலக் கிண்ணம், அதன் கீழே ஒரு குழாய், அதன் கீழே வெள்ளை ஷூ போட்ட பாதம்" என்று எழுதினாள். ஒருவழியாகக் கால் வந்தது. வலது பக்கம் வந்தது. படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டுச் சரிசெய்தாள்.

புதன்கிழமை முழுப்படத்தைச் சோதனைக்கு அடித்தேன். நால்வரும் தலைமுதல் கால்வரை பளபளவென்று நின்றார்கள். எனக்குப் பிடித்திருந்தது. அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எல்லாமே பிளாஸ்டிக்கா இருக்கு. இதுல அவ கால் எங்க தெரியுது? அம்மா காலும் பிளாஸ்டிக், டிரைவர் காலும் பிளாஸ்டிக். பொம்மைன்னு எழுதினதுக்கு எல்லார் முட்டியிலயும் மூட்டுக்கோடு வேற போட்டு வெச்சிருக்கு. கெட்டுது போ!"

அவள் சொன்னது நியாயம்தான். பிராம்ப்டில் பொருளை ஒரே வரியில் எழுதினால் அது எல்லாவற்றின் மேலும் பரவிவிடும். ஒரு நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து எழுதினாள். உடம்பெல்லாம் பளபளப்பில்லாத மென்மையான ரப்பர், துணி கம்பளி, மூட்டுக்கோடு தெரியாத வழவழப்பான முட்டி, நீலக் கால் மட்டும் பளபளக்கும் பிளாஸ்டிக். வியாழன் மாலை வந்த படத்தில் அந்தக் கால் ஒன்றுதான் மினுங்கியது. அந்த வெள்ளைத் திரையின் வெளிச்சம் அதன் மேல் ஒழுகி நின்றது. கால் மாஸ்டர் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். நானும்தான், ஆனால் மை நெடி என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை படத்தைச் சுருட்டி மாஸ்டரின் பயிற்சி அறைக்கு எடுத்துப் போனோம். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல படம் கசங்காமல் இருக்க, வீணான சோதனைப் படத்தை மேலே சுற்றுவேன். அண்ணி இதற்காக என்னை நூறு தடவை திட்டியிருக்கிறாள், பார்ப்பவர்கள் தப்பாக நினைப்பார்களாம். காகிதம் என்ன மரத்திலா காய்க்கிறது என்பேன். மரத்திலிருந்துதான் வருகிறது என்பாள் அவள். அப்படியே போகும் சண்டை.

குழந்தை தன் அம்மாவோடு வந்திருந்தாள். ஊன்றுகோல் இரண்டு. கால், அம்மாவின் பையில். மேல்தாளைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு நல்ல படத்தைச் சுவரில் ஒட்டினோம். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

வெகுநேரம் பார்த்தாள். உதடு கோணியது.

"என் கால் மட்டும்தான் தெரியுது" என்றாள். "எல்லாரும் அதைத்தான் பார்ப்பாங்க."

அவ்வளவுதான். சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். அவள் அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. நான்கு நாள் உழைப்பு. தெருப் பிள்ளைகள் செய்ததையே நாமும் வெளிச்சம் போட்டுச் செய்திருக்கிறோம் என்பது அவளுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. எனக்கும்தான்.

குழந்தை ஊன்றுகோல் நுனியால் தரையில் கிடந்த தாளைக் குத்திக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தது. குனிந்தாள். இன்னும் குனிந்தாள்.

"அம்மா, உனக்கு முட்டியில கோடு!"

"எங்கடி?"

"இங்க பாரு. டிரைவர் அங்கிளுக்கும் இருக்கு. எல்லாருக்கும் கழட்டி மாட்டுற காலு!" அவள் அண்ணியைப் பார்த்தாள். "இவங்க எல்லாருக்கும் பிளாஸ்டிக் காலா ஆன்ட்டி?"

அண்ணி என்னைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"காலு மட்டுமா? மூக்கும் பிளாஸ்டிக். டிரைவர் அங்கிள் மீசையும் பிளாஸ்டிக்."

குழந்தை சிரித்தாள். சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு, ஊன்றுகோல் கையைவிட்டு நழுவிப் போனது. விரலை வைத்து எண்ணத் தொடங்கினாள். அம்மாவுக்கு இரண்டு. டிரைவருக்கு இரண்டு. நாய்க்கு நான்கு. தனக்கு நீலம் ஒன்று, சாதாரணக் கலரில் ஒன்று.

"என்னோடதுதான் நல்ல கலரு" என்றாள். "இதை அந்தச் சுவத்துல ஒட்டுங்க."

கால் மாஸ்டர் நல்ல படத்தை உரிக்கப் போனார். அண்ணி அவரைத் தடுத்து, தானே உரித்துச் சுருட்டினாள். ஓரத்தில் என் செருப்புத் தடம் பதிந்திருந்த அந்தக் கசங்கல் படம் சுவரில் ஏறியது. குழந்தை அண்ணாந்து பார்த்தாள். நாயின் பின்னங்கால் கோடு உயரத்தில் இருந்தது, உட்கார்ந்தபடி எட்டவில்லை. ஒரு கையால் ஊன்றி எக்கினாள். முடியவில்லை.

"அம்மா, என் காலைக் குடு."

அந்தப் பையின் ஜிப்பைத் திறக்க அவள் அம்மாவுக்கு மூன்று முறை ஆனது. மாஸ்டர் மண்டியிட்டு மிச்சக் காலில் துணி உறையை மாட்டி, கிண்ணத்தைப் பொருத்தினார். குழந்தை எழுந்தாள், தள்ளாடினாள், நடைப் பயிற்சிக் கம்பியைப் பிடித்தாள், ஏழு அடி நடந்தாள். நான் எண்ணினேன். நாயின் முட்டிக்கோட்டைத் தொட்டுவிட்டு, திரும்பி எங்கள் எல்லோருடைய கால்களையும் வரிசையாகப் பார்த்தாள்.

"உங்களுக்கெல்லாம் கோடே இல்லையா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இல்லையே கண்ணு."

"பாவம்" என்றாள்.

நான் அளவு குறிக்க வைத்திருந்த மார்க்கர் பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தேன், பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு நின்றேன். நாக்கைத் துருத்திக்கொண்டு, கவனமாக, முட்டியைச் சுற்றி முழு வட்டமாகப் போட்டாள். எனக்குப் பின்னால் அவள் அம்மா, அதற்குப் பின்னால் அண்ணி, கடைசியில் கால் மாஸ்டர் என்று வரிசை நின்றது. ஒவ்வொருவரிடமும் அவளே நடந்து போனாள்.

மை அழியாத மை. அந்தக் கோடு எனக்கு ஒன்பது நாள் இருந்தது.