நடுவீட்டில் நின்ற கால்கள்

அனிட்டாவின் தொழில் என்னவென்று தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிக்கொள்வார்கள். அவளும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவாள். கார்ட்டூன் படத்தில் நடப்பவர்களுக்குக் காலடிச் சத்தம் கொடுப்பது தன் வேலை என்று ஒருமுறை பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். "அதுக்கு ஒரு ஆளாம்மா?" என்று அந்த அம்மாள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அதன்பிறகு அவள் யாருக்கும் விளக்கவில்லை.

சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது திருக்காட்டுப்பள்ளிக்கு வந்தாள். அப்பா மறு வருடமே போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கு முன்பே இல்லை. தம்பி மஸ்கட்டில். திரும்பிப் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வேலைகள் இணையம் வழியாக வீட்டுக்கே வர ஆரம்பித்தன. அப்படியே சில வருடம் இருந்துவிட்டாள். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

பின்கட்டு அறையைத்தான் ஒலிப்பதிவுக்கு வைத்திருந்தாள். சுவரெல்லாம் பழைய பஞ்சு மெத்தை. மூலைகளில் ரைஸ்மில்லில் வாங்கிய உமி மூட்டைகள், எதிரொலி வராமலிருக்க. தரையில் தட்டுத்தட்டாகச் சரளை, மணல், காய்ந்த வைக்கோல், வாய்க்காலில் எடுத்த களிமண். ஒரு பெஞ்சில் வரிசையாகச் செருப்புகள். ஊரில் மோட்டாரும் பஸ்ஸும் மைக்செட்டும் ஓய்கிற மத்தியான நேரத்தில்தான் பதிவு செய்வாள். திரையில் உருவம் நடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இவள் தட்டுகளின் மேல் நின்ற இடத்திலேயே நடப்பாள்.

அந்த வருடம் பரணிதரன் என்ற இளம் இயக்குநரின் குறும்படம் வந்தது. வசனமே கிடையாது. மகனை வெளியூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீடு திரும்பும் ஒரு அம்மாவின் ஒரு நாள், அவ்வளவுதான் கதை. இதுபோல வரைந்து செய்த படம் ஊமையாகத்தான் வரும். நடிகர்களை வைத்து எடுத்த படமென்றால் படப்பிடிப்பில் ஏதாவது ஒரு சத்தம் பதிவாகியிருக்கும். இதில் மூச்சுக்கூட யாராவது போட்டால்தான் உண்டு.

அனிட்டா முதலில் பின்னணியை அமைத்தாள். பரணிதரன் மாதிரிக்கு ஒரு சில்வண்டுச் சத்தத்தைப் போட்டு அனுப்பியிருந்தான். அதை எடுத்துவிட்டாள். படத்தில் இருந்தது நடவு முடிந்து சில நாளே ஆன வயல், காலை வெயில். மடையில் தண்ணீர் விழும் சத்தம், தூரத்தில் ஒரு பம்புசெட், எப்போதாவது ஒரு மைனா. காகம் கரைவதைச் சேர்க்கவில்லை. பின்னணியைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும்போது அதே காகம் அதே இடத்தில் கரைந்தால் பார்ப்பவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு காலடிகள். வரப்பில் களிமண், ரோட்டில் சரளை, வீட்டுக்குள் சிமெண்டுத் தரை. ஒவ்வொரு அடியையும் பாதம் தரையைத் தொடும் படச்சட்டத்துக்கு, அந்த ஃபிரேமுக்கு, நேராக வைத்தாள். சத்தம் ஒரு மயிரிழை பிந்தினால் கண் மன்னித்துவிடும், முந்தினால் மன்னிக்காது என்பது அவளுக்குப் பழக்கமான கணக்கு. அம்மா வீட்டுக்குள் நுழைந்து நடுவீட்டில் நின்று, பிறகு அடுப்படிக்குப் போகும் இடம் ஒன்று இருந்தது. எதற்காக நிற்கிறாள் என்று படத்தில் காரணமே இல்லை. வரைந்தவர் தவறவிட்டிருப்பார் என்று நினைத்து, அந்த வெற்றிடத்தை மூடப் புடவை சரசரப்பைப் போட்டு நிரப்பினாள்.

அனுப்பிய மறுநாள் பரணிதரன் கூப்பிட்டான்.

"அக்கா, எல்லாம் சிங்க்ல இருக்கு. ஒரு அடிகூட தப்பல. ஆனா..."

"சொல்லுங்க பரணி."

"அந்தம்மா நடக்குற மாதிரி இல்லக்கா. அவங்களுக்காக வேற யாரோ நடக்குற மாதிரி இருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் மறுக்கவில்லை. படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். பாதம் தொடும் சட்டத்தில் உடம்பு இன்னும் கீழே இறங்கவில்லை. ஓரிரு சட்டம் தள்ளித்தான் முழங்கால் மடங்கி எடை விழுகிறது. அவளோ தொடும்போதே முழுச் சத்தத்தையும் கொடுத்திருந்தாள். எனவே ஒவ்வொரு அடியையும் இரண்டாகப் பிரித்தாள். முதலில் குதிகால் லேசாக, பிறகு எடை. வரப்பும் ரோடும் உடனே உயிர்பெற்றன. அந்த அம்மாளுக்கு உடம்பு வந்துவிட்டது. வீட்டுக்குள் மட்டும் வரவில்லை. செருப்பை மாற்றினாள், வெறுங்காலில் நடந்தாள், ஈரத்துணியை மிதித்துப் பார்த்தாள். எல்லாமே நடிப்பாகக் கேட்டது.

அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் வாசலில் மணி அடித்தது. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர். அனிட்டா பதிவை நிறுத்த மறந்து, அறைக் கதவைத் திறந்து போட்டபடியே போய்விட்டாள்.

"வெயில் பாருங்க, இன்னைக்கு என்னமா அடிக்குது" என்றார் அவர்.

"ஆமாங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்மா, இன்னும் நாலு தெரு இருக்கு."

அவர் போய்விட்டார். அனிட்டா உள்ளே வந்து சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். சாயங்காலம் பதிவைக் கேட்டபோதுதான் மைக் ஓடிக்கொண்டேயிருந்தது தெரிந்தது. அழிக்கப் போனவள், வாசலில் பேசிய குரல் மெலிதாகக் கேட்டதால் கொஞ்சம் ஓடவிட்டுக் கேட்டாள். கதவு சாத்தும் சத்தம். அப்புறம் காலடி.

யாருடைய காலடி என்று ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. வலது செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. அவசரம் எதுவும் இல்லாத, எங்கேயும் போய்ச் சேர வேண்டியிராத நடை. நடுவீடு வரை வந்தது. நின்றது. ஒன்றுமில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து, எதையோ தேடி வந்து மறந்துவிட்டதைப் போல, மறுபடி தேய்த்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனது.

நின்றதாக அவளுக்கு நினைவே இல்லை.

திரும்பத் திரும்பக் கேட்டாள். சின்ன வயதிலிருந்தே வேகமாக நடப்பவள் என்று பெயர். கல்லூரியில் அனிட்டாவோடு நடந்தால் ஓட வேண்டும் என்பார்கள். இந்த நடை எப்போது வந்தது? தினமும் இப்படித்தான் நடுவீட்டில் நிற்கிறாளா? இந்த வருடங்களில் இதைப் பார்க்கவும் கேட்கவும் வீட்டில் ஆள் இல்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் நடக்க வேண்டும். நடந்தால் சத்தம் கேட்கும்.

அடுத்த நாள் மைக்கை நடுவீட்டில் ஒரு மூலையில் வைத்து ஓடவிட்டாள். படத்தைப் பார்த்து நடக்கவில்லை. வீட்டு வேலையைப் பார்த்தாள். பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள், வாசலுக்கும் கொல்லைக்கும் போய்வந்தாள். முதலில் மைக் இருப்பது காலுக்குத் தெரிந்தது. பிறகு மறந்துவிட்டது. அந்தப் பதிவிலிருந்து அடி அடியாக வெட்டி, வரைந்த அம்மாளின் கால்களுக்குக் கீழே வைத்தாள். நிற்கும் இடம் வந்தது. புடவைச் சரசரப்பை எடுத்தாள். அங்கே வேறு எதையும் வைக்கவில்லை, விசிறிச் சத்தத்தைத் தவிர.

பரணிதரன் பார்த்துவிட்டு, "இதான்க்கா" என்று மட்டும் சொன்னான்.

இசையமைப்பாளர் ஜெயபாரதி சென்னை நாட்களிலிருந்தே பழக்கம், சம வயது. அந்த இடத்தில்தான், சரியாக அம்மா நிற்கும் நொடியில்தான், ஜெயபாரதியின் வயலின் ஆரம்பிப்பதாக இருந்தது. புது ஒலியைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

"அனிட்டா, நான் இங்க வாசிக்கவே முடியாது போலிருக்கு. இது எப்படிப் பண்ணின? யாரை நடக்க வெச்ச?"

"யாரையும் வைக்கல."

"நீயா நடிச்ச?"

"நடிக்கல ஜெயா. நான்தான் நடந்தேன். தெரியாம ரெக்கார்ட் ஆயிடுச்சு. வீட்ல நான் அப்படித்தான் நடக்குறேன் போல."

அனிட்டாவுக்கு ஏன் சொன்னோம் என்றிருந்தது. ஆனாலும் ஆரம்பித்தது நிற்கவில்லை.

"நல்லாதான் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். வேலை இருக்கு, வீடு இருக்கு. கேட்டப்பதான் தெரிஞ்சுது, இவ்வளவு தனியா இருக்கேன்னு."

"ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"எனக்கே இப்பதானே தெரியும்."

ஜெயபாரதி வயலின் தொடங்கும் இடத்தைத் தள்ளிப் போட்டாள். அம்மா நிற்கும்போதும் இசை இல்லை, அடுப்படிக்குப் போகும்போதும் இல்லை. இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்துவிட்டு, அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்த பிறகுதான் ஒரேயொரு சுரம் மெல்லக் கிளம்பியது. அதுவும் விசிறிச் சத்தத்தின் சுருதியிலேயே தொடங்கியதால், இசை எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது.

சென்னையில் ஒரு சின்ன அரங்கில் படத்தைப் போட்டார்கள். அனிட்டா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வரப்புக் காட்சியில் பின்னாலிருந்து மடைச் சத்தம் வந்தபோது ஒருவர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக் காட்சி வந்தது. அவளுடைய செருப்பு அந்த அரங்கம் முழுவதும் தேய்த்துக்கொண்டு நடந்தது. நின்றது. இருமிக்கொண்டிருந்த ஒருவர் இருமலை அடக்கிக்கொண்டார். அத்தனை பேரும் தன் நடுவீட்டுக்குள் வந்து நிற்பதுபோல் அவளுக்கு உடம்பு கூசியது.

படம் முடிந்ததும் கூச்சத்தோடு ஒருவர் வந்தார். அந்த நடையை வரைந்த நெடுமாறன், கீழ்வேளூர்க்காரர்.

"நீங்கதானே சவுண்டு? ரொம்ப நன்றிங்க. அந்த நிக்கிற எடத்த எடுத்துருவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

"முதல்ல மூடத்தாங்க பார்த்தேன். அவங்க ஏன் நிக்கிறாங்க?"

"தெரியலைங்க. ஒரு தடவ ஊர்லேர்ந்து கெளம்பிட்டு, சார்ஜர மறந்துட்டோம்னு பஸ் ஸ்டாண்டுலேர்ந்து திரும்பி வந்தேன். ஜன்னல் வழியா பார்த்தா அம்மா நடுவீட்ல நிக்கிறாங்க. சும்மா, தரையப் பார்த்துக்கிட்டு."

"கூப்பிட்டீங்களா?"

"இல்லைங்க. நான் பாக்கக்கூடாததப் பார்த்துட்ட மாதிரி இருந்துச்சு. சார்ஜர எடுக்காமலே போயிட்டேன்."

கொஞ்ச நேரம் சேர்ந்து நின்றார்கள்.

பரணிதரன் சென்னைக்கே வந்துவிடச் சொல்லிக் கேட்டான். யோசிக்கிறேன் என்றாள். உண்மையாகவே யோசித்தாள். சென்னையில் கூட்டம் இருக்கும். ஆனால் அங்கேயும் பதிவறையில் ஒருவர்தான் நிற்க முடியும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஊருக்கே திரும்பினாள்.

இப்போது ஜெயபாரதி வேலை இல்லாத நாட்களிலும் கூப்பிடுகிறாள். என்ன குழம்பு, மழை உண்டா, ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்கிறாள். சில வாரங்கள் அந்த அழைப்பு வருவதில்லை. அந்த நாட்களில் நடுவீட்டைக் கடக்கும்போது தன் செருப்புச் சத்தம் அனிட்டாவின் காதில் விழுகிறது. முன்பு விழாத சத்தம். சில சமயம் காலைத் தூக்கி வைத்து நடந்து பார்க்கிறாள். பல சமயம் அப்படியே தேய்த்துக்கொண்டு நடந்துவிடுகிறாள்.