எழும்பாத போன்

அன்று ஒண்டிக்கடை முக்கில் போன் ரிப்பேர் கடையில் இருந்தவர்கள் இவர்கள். கடைக்காரரின் மச்சான். ஒரு ஜீப் டிரைவர். எங்கள் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டர். நான். கடைக்காரர் இல்லை. சாமான் வாங்க முதல் பஸ்ஸில் மலையிறங்கிச் சேலம் போயிருந்தார். மச்சான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் தம்பி சேலம் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். மிளகு பறிக்க ஏறியவன் ஏணியோடு விழுந்தான். தலையில் அடி. விழுந்ததிலிருந்து கண் திறக்கவில்லை, பேச்சில்லை. கூட அவன் பெண்டாட்டி இருந்தாள். நான் ரேஷன் கார்டும் காப்பீட்டு அட்டையும் எடுக்க ஊருக்கு, கொட்டச்சேட்டுக்கு வந்திருந்தேன். வரும்போது அவள் சொன்னாள், "காலையில பெரிய டாக்டர் பாப்பாருங்க மாமா. இங்கயே வெச்சுக்கறதா, கோயமுத்தூர் அனுப்பறதான்னு சொல்லுவாரு. நான் போன் பண்றேன். அதுக்கப்புறம் கெளம்புங்க. போனைக் கையிலயே வெச்சுக்கங்க."

கையிலேயே வைத்திருந்தேன். விடிந்து பார்த்தேன், போன் எழும்பவில்லை. இரவெல்லாம் சார்ஜில் கிடந்தது. விளக்கு இல்லை, எழுத்து இல்லை. கறுப்பாக இருந்தது.

கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன்.

மச்சான் ஷட்டரைத் தூக்கினார். போனை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க பண்ணுச்சு?"

"எழும்பலீங்க."

"ராத்திரி சோறு போட்டீங்களா?"

டிரைவர் சிரித்தார். அவர் வண்டிக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சார்ஜ் போகும் ஓட்டையை மச்சான் ஊதினார். பல்குச்சியால் நோண்டினார். கொஞ்சம் பஞ்சு வந்தது. கடை ஒயரை மாட்டினார். அந்த ஒயரின் நடுவில் எண் காட்டும் சின்ன டப்பா ஒன்று இருக்கும். கரண்டு உள்ளே போனால் எண் ஏறும். சைபரிலேயே நின்றது. வேறு ஒயர் மாற்றினார். சைபர்தான்.

"பேட்டரி அடியோட எறங்கியிருந்தா எழும்ப அரை மணி ஆகுமுங்க. இருக்கட்டும்" என்றார்.

"எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருமுங்க. தம்பி சீரியஸுங்க."

"எல்லாத்துக்கும் போன் வருமுங்க. போன் வராதவங்க எதுக்குங்க கடைக்கு வர்றாங்க?"

டிரைவர் என் நம்பரைக் கேட்டார். அது மட்டும் எனக்கு மனப்பாடம். அவர் போனிலிருந்து அடித்தார். "டிஸ்பிளே மட்டும் போயிருந்தா மணி அடிக்கும்" என்றார். காதில் வைத்துக் கேட்டுவிட்டு எனக்கும் கேட்க வைத்தார். சுவிட்ச் ஆஃப் என்று ஒரு பெண் சொன்னாள்.

"பாருங்க, உங்களுக்கு யாரு அடிச்சாலும் அந்தப் பொம்பள இதையேதான் சொல்லிட்டிருப்பா" என்றார் டிரைவர்.

தம்பி பெண்டாட்டியின் நம்பர் போனுக்குள் இருந்தது. தலையில் இல்லை. டிரைவரிடம் கேட்டேன், ஆஸ்பத்திரி நம்பர் தெரியுமா என்று. "பெரியாஸ்பத்திரியில போய் உங்க தம்பின்னா, எந்தத் தம்பிம்பாங்க" என்றார். அதுவும் சரிதான்.

அரை மணி போயிற்று. சைபர். சேலம் பஸ் ஒன்று நின்று கிளம்பியது. ஏறலாமா என்று நினைத்தேன். கோயமுத்தூர் அனுப்பிவிட்டால் அங்கே போய் யாரைப் பார்ப்பது. "அஞ்சு நிமிஷமுங்க" என்றார் மச்சான். நின்றேன்.

அப்போது ரைட்டர் வந்தார். அவர் போனுக்குக் கண்ணாடி ஒட்ட வேண்டும். என்னைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குன்னு லீவு சொன்ன, இங்க போனு கடையில நிக்கற?"

சொன்னேன்.

"ஏணியில நிக்கத் தெரியாதவன் எதுக்கு ஏறுனான்? கம்பெனிக்குக் கெட்ட பேரு. நாளைக்கு வந்துரு. மொளகு உதிருது. ஆளு பத்தல."

ஏணியில் மேல்படி சொத்தை என்று தம்பி அவரிடம் சொன்னது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

மச்சான் பவர் பட்டனை அமுக்கிப் பார்த்தார். டிக்கென்று சத்தம் வந்தது. பட்டன் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு பவரையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு, ரைட்டர் போனுக்கு ஒட்டும் கண்ணாடியை எடுக்கப் போனார். போனை என்னிடம் கொடுத்தார்.

"இந்த ரெண்டையும் சேத்து அமுக்குங்க. விடாதீங்க. விட்டா மறுபடி மொதல்ல இருந்து."

"எத்தனை நேரமுங்க?"

அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் சொன்னார், "அது எழும்பற வரைக்கும். சத்தமா எண்ணுங்க. சத்தம் கேட்டாத்தான் எழும்பும்."

எண்ணினேன். இரண்டு பெருவிரலாலும் பிடித்துக்கொண்டு எண்ணினேன். நூறு வந்தது. இன்னும் என்றார்கள். ரைட்டரின் கண்ணாடியில் காற்றுக் குமிழி நின்றுவிட்டது. மச்சான் அதைத் துணியால் தேய்த்துத் தேய்த்து வெளியே தள்ளினார். நான் எண்ணினேன்.

"ஏனுங்க, தூக்கிப் புடிங்க. தாழ இருந்தா டவர் கெடைக்காது" என்றார் டிரைவர்.

தூக்கிப் பிடித்தேன். பெருவிரல் மரத்துப்போனது. ஒரு தரம் நழுவியது.

"விட்டுப்போட்டீங்க. ஒண்ணுல இருந்து வாங்க."

ஒன்றிலிருந்து வந்தேன். டிரைவர் தன் போனை என் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார். படம் எடுக்கிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. ரைட்டர் அதை வாங்கிப் பார்த்தார். "எனக்கும் அனுப்பு" என்றார். "மஸ்டர்ல பேரு கூப்பிடறப்ப இத்தன சத்தம் வர்றதில்லையே."

சொல்லுகிறார்களே, விஷயம் தெரிந்தவர்கள் என்று பிடித்தேன். வேறு என்ன செய்வது. எழும்பிவிட்டால் போதும்.

இன்னொரு பஸ் போயிற்று. டிரைவருக்கு ஆள் வந்தது. பக்கோடா பாயிண்ட் என்ற மலைமுனையைப் பார்க்க வந்தவர்கள். எழுந்து போகும்போது என் தோளைத் தட்டினார். "விட்டுறாதீங்க சாமி."

கடைக்காரர் வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. நான் பிடித்துக்கொண்டு நின்றேன். ரைட்டர் போயிருந்தார்.

"என்னுங்க இது?" என்றார் கடைக்காரர்.

"ரீஸ்டார்ட்டு பண்றாருங்க" என்றார் மச்சான்.

"எத்தன நேரமா?"

மச்சான் தேய்த்த துணியை மடித்தார். கடைக்காரர் என் கையிலிருந்து போனை உருவினார். விரல் நிமிரவில்லை, வளைந்தே நின்றது. "பத்து இருவது செகண்டு புடிச்சாப் போதுமுங்க. மிஞ்சினா முப்பது. அதுல வராட்டி இதுல வராதுங்க" என்றார்.

சூடு காட்டிப் போனின் முதுகைப் பிரித்தார். பேட்டரியில் மீட்டரின் இரண்டு முனையையும் வைத்தார். சார்ஜ் இருந்தது. பேட்டரி நல்லது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மேசையில் இருந்த கரண்டுப் பெட்டியின் ஒயரை அந்த இடத்தில் கொடுத்தார். அந்தப் பெட்டியில் போன் எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று எண் தெரியும். பட்டனை அமுக்கினார்.

"அமுக்குனா இந்த நம்பர் கொஞ்சமாச்சும் ஏறோணுமுங்க."

ஏறவில்லை. பட்டனில் கோளாறோ என்று பட்டனை விட்டுவிட்டு அதன் கம்பிகளை இடுக்கியால் சேர்த்துத் தொட்டார். அப்போதும் சைபர்.

போர்டின் மேல் மூடியிருந்த தகட்டை எடுத்தார். லென்ஸைக் கண்ணில் வைத்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். ஒரு கறுப்புச் சதுரத்தைச் சுற்றி வெள்ளையும் பச்சையும் பூத்திருந்தது, பழைய செம்புப் பாத்திரத்தில் பூக்கிற மாதிரி. பக்கத்தில் ஒட்டியிருந்த சின்ன வெள்ளைத் தாள் சிவப்பாகிவிட்டிருந்தது.

"தண்ணி போயிருக்குதுங்க. இன்னிக்கு நேத்துப் போனதில்ல. நாலு நாளாச்சும் ஆவும். பவர் குடுக்கற ஐசியே அரிச்சுருச்சு. தண்ணியோடயே சார்ஜ் போட்டிருக்கீங்க, அதனால சீக்கரம் அரிச்சுருச்சு. போர்டு போச்சுங்க."

தம்பி விழுந்த அன்று குடத்துத் தண்ணீரை அவன் முகத்தில் அடித்தேன். தூக்கும்போது என் சட்டை முழுக்க ஈரம். போன் சட்டைப் பையில் இருந்தது. நன்றாகத்தான் பேசியது அதன் பிறகும். அதனால் நினைக்கவில்லை.

"எனக்குப் போன் வருமுங்க. ஆஸ்பத்திரியிலிருந்து" என்றேன். காலையில் சொன்னதையே சொன்னேன்.

கடைக்காரர் கை நின்றது.

"சிம்மு?"

"உள்ளதானுங்க இருக்குது."

"காலையில இருந்து உள்ளயேவா இருக்குது? கழட்டி வேற போன்ல போடலீங்களா?"

போன் செத்தால் நம்பரும் செத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கடைக்காரர் மச்சான் பக்கம் திரும்பினார்.

"அவரு கேக்கவே இல்லீங்களே" என்றார் மச்சான். "போனைத்தான் பாக்கச் சொன்னாரு."

ஊசியால் குத்தி சிம் தட்டை எடுத்தார் கடைக்காரர். மேசை டிராயரில் ஒரு பழைய பட்டன் போன் கிடந்தது. அதில் போட்டார். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. டவர் வந்தது. மெசேஜ் மணி இரண்டு தரம் அடித்தது.

போன் செத்திருந்தபோது யார் எத்தனை தரம் அடித்தார்கள் என்று சிம் கம்பெனி இங்கிலீஷில் அனுப்புவது. அவர் படித்தார். ஒன்று, டிரைவர் அடித்துப் பார்த்த அழைப்பு. அடுத்ததைப் படித்தார். அந்த நம்பருக்கே அடித்து என் காதில் வைத்தார்.

தம்பி பெண்டாட்டி எடுத்தாள். அழவில்லை. அழுது முடித்திருந்தாள்.

"மாமா."

"சொல்லு கண்ணு."

"விடிஞ்சதும் முழிச்சாருங்க மாமா. தண்ணி கேட்டாரு. அண்ணன் எங்கன்னாரு. ஊட்டுக்குப் போயிருக்காரு, பேசறீங்களான்னேன். பேசறேன்னாரு. போன் போட்டேன். போனை அவரு காதுலயே வெச்சேனுங்க. சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சு. எடுத்துருவாரு, போடுன்னாரு. மறுபடி போட்டேன். நொம்ப நேரம் நெனப்போட இருந்தாருங்க மாமா. போடு போடுன்னுட்டே இருந்தாரு."

"இப்ப?"

"அப்புறம் பேசலீங்க."

பின்னால் யாரோ பெட்ஷீட் கேட்கும் சத்தம் வந்தது.

"போஸ்ட்மார்ட்டம் பண்ணோணுமாம். ஏணியில இருந்து விழுந்ததுனால. கையெழுத்துப் போட நீங்க வரோணுங்க."

"வர்றேன்."

"ஏனுங்க மாமா போனை அணைச்சு வெச்சீங்க?"

வருகிறேன் என்று மறுபடி சொன்னேன். அவள் வைத்துவிட்டாள்.

கடைக்காரர் பட்டன் போனை வைத்துக்கொள்ளச் சொன்னார். மச்சான் என் போனைத் திருகாணிகளோடு ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். வெளியே பஸ் நின்றது. ஏறும் முன் மச்சானிடம் பட்டன் போனைக் காட்டி, அந்த மெசேஜில் அவள் எத்தனை தரம் போட்டதாக இருக்கிறது, படியுங்கள் என்றேன்.

படித்தார்.

பதினேழு.