விற்காத தேன்

எண்பதுகளில் செஞ்சி பேருந்து நிலையத்தருகே தேன் விற்ற பாய், பேசும்போதெல்லாம் தேனில் முக்கிய, வரி வெட்டிய மரக்கரண்டியைக் கிடையாகப் பிடித்து விரல்களால் உருட்டிக்கொண்டே இருப்பார். உருளும்வரை ஒரு சொட்டும் விழாது.

அம்மாவின் மருந்துக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய தேன் வாங்கப் போனேன். முன்னால் இருந்த ஜாடியில் தேன் கலங்கலாக இருந்தது. பின்னால் ஒதுக்கியிருந்த ஜாடியிலோ வெயில் பொன்னாக ஊடுருவியது. தேனைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று அதையே கேட்டேன்.

பாய் இரண்டிலும் ஒவ்வொன்றாகக் கரண்டியை முக்கித் தூக்கி, உருட்டுவதை நிறுத்தினார். கலங்கல் தேன் நூலாக இறங்கி, கயிறுபோல் சுருண்டு குவிந்து, மெல்லக் கரைந்தது. தெளிந்த தேன் தண்ணீர்போல் ஒழுகி, விழுந்த தடமே இல்லாமல் கலந்துவிட்டது.

“இதுல தண்ணி ஜாஸ்தி சார். தேனீ அடையை மெழுகு வெச்சு மூடறதுக்குள்ள எடுத்துட்டாங்க. புளிச்சிடும்.”

“அப்ப இதை யாருக்கு விப்பீங்க?”

“விக்க மாட்டேன். புளிக்கறதுக்குள்ள ஊட்ல தின்னு தீத்துடுவோம்.”

அதன்பின் எத்தனையோ கடைகளில் தேன் வாங்கிவிட்டேன். தன் சரக்கின் குறையைத் தானே சொட்டவிட்டுக் காட்டியவர் அவர் ஒருவர்தான்.