வட்டையில் நடந்த நேர்முகத் தேர்வு

இருபது வருடமாக நான் நெல் வாங்கிக் கொடுத்த அரிசி ஆலை மூடப்பட்டபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நகரத்துக் கடைகளுக்கு விண்ணப்பித்தேன். எல்லாரும் முப்பத்தைந்துக்குக் கீழேதான் ஆள் கேட்டார்கள். நான் கிழவனாகிவிட்டேனாம். எரிச்சலில் தலைக்கு டை அடித்துக்கொண்டு போயும் பார்த்தேன், யாரும் கூப்பிடவில்லை.

"நெல்லுத் தெரிஞ்ச ஆள் தேவைப்படுற இடத்துக்குப் போங்களன்" என்றாள் மனைவி.

அதன்பிறகு அரிசி ஆலைகளில் மட்டுமே வேலை கேட்டேன். வந்தாறுமூலைப் பக்கம் புதிதாக ஆலை தொடங்கிய ஒரு அம்மா, விவசாயிகள் தன்னை நம்பி நெல் தருவதில்லை என்றார். என்னைச் சோதித்துப் பார்க்க, அறுவடை முடிந்த வயல் வட்டைக்கே கூட்டிப் போனார்.

எனக்கு வருடக்கணக்காக நெல் விற்றவர்கள் என்னை வெறித்துப் பார்த்தார்கள்.

"ஆரு இவரு?"

வேலை போயிற்று என்று நினைத்தேன். பழக்கத்தில் நாலு நெல்லை வாயில் போட்டுக் கடித்து, "இன்னும் ஒரு வெயில் காயட்டும்" என்றேன்.

"அட, நம்மட நெல்லுக் கடிக்கிற ஐயா! தலைக்கு என்னத்தப் பூசின நீங்க?"

திரும்பும் வழியில் முதலாளியம்மா சொன்னார்: "திங்கக்கிழமை வேலைக்கு வாங்க. டை மட்டும் வேணாம். நான் சம்பளம் தாறதே அந்த நரைக்குத்தான்."