இரண்டு பூச்சியங்கள்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள், இதழுக்கு அவர் அனுப்பியிருந்த கட்டுரைப் படி திருத்தத்துக்காக நிரோசாவிடம் திரும்பி வந்தது. அப்பா சிவக்கொழுந்தர் ஓய்வுபெற்ற பிறகும் சைக்கிளில் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீரில் கலந்த நைத்திரேற்று உப்பை அளந்தவர். முதலில் கையோடு கொண்டுபோகும் பெட்டிக் கருவியால். அது முழு எண் மட்டுமே காட்டும். பின்னர் ஆய்வுகூடத்தில், இரண்டு தசமம் வரை.

இதழாசிரியர் அருந்தவராசா தொலைபேசியில் சொன்னார்: “பிள்ளை, அட்டவணை பல்லு விழுந்த வாய் மாதிரிக் கிடக்கு. ஒண்டு 48, ஒண்டு 52.37. எல்லாத்துக்கும் ரெண்டு தசமம் போடும். பின்னேரம் அச்சுக்குப் போகுது. இல்லாட்டி அடுத்த வருசந்தான்.”

அலகுகளை எல்லா இடத்திலும் ‘மி.கி./லீ.’ என்று மாற்றினாள். ‘வீதம்’, ‘விழுக்காடு’ இரண்டையும் % ஆக்கினாள். அது சுலபம். 48-ஐ 48.00 என்று அடித்துவிட்டு நிறுத்தினாள். பெட்டிக் கருவி அவ்வளவு துல்லியமாக அளக்கவில்லையே. அப்பா இருந்தால் கேட்டிருக்கலாம்.

பூச்சியங்களை அழித்துவிட்டு ஆசிரியரை அழைத்தாள். “சேர், பூச்சியம் போடேலாது. அப்பா அளக்காததை நான் எப்பிடி எழுதிறது?”

“உம்மட அப்பரைப் போலவே நீரும் விடாக்கண்டன். அப்ப என்ன செய்யிறது?”

“ஆய்வுகூட எண்களையும் முழு எண்ணாக்கிறன். சராசரியும் அப்பிடியே. ஏனெண்டு கீழ குறிப்பு போடுறன்.”

அவர் அட்டவணைத் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“சரி, பின்னேரத்துக்கு முன்னம் கெதியா அனுப்பும்.”

52.37-ஐ 52 ஆக்கினாள். அந்தத் தசமங்களுக்காக அப்பா வெயிலில் போத்தல்களை ஆய்வுகூடத்துக்குச் சுமந்திருந்தார். ஒவ்வொன்றாக அழித்து, கீழே குறிப்பை எழுதி அனுப்பினாள்.